அட்டுறு செலவு: பில் வராத செலவுக்கு ஒரு பெயர்

கணக்கு அலுவலகங்களில் எல்லோரும் "அக்ருவல்" என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்கு இது லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். மூலமான லத்தீன் வினைக்கு, ஒன்றோடு சேர்ந்து வளர்வது என்று பொருள். வளர்பிறையைக் குறிக்கும் "கிரெசன்ட்" என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். பில் வருகிற நாளில் செலவு பிறப்பதில்லை, வேலை நடக்க நடக்க அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. சொல்லுக்குள் இருக்கும் கருத்து இதுதான்.

இலங்கையில் உயர்தரக் கணக்கீடு படித்தவர்களுக்கு இதன் தமிழ் தெரியும்: அட்டுறு. "அட்டுறு எண்ணக்கரு", "அட்டுறு செலவு" என்று வகுப்பில் எழுதியிருப்பார்கள். அட்டுதல் என்றால் வார்த்தல், சொரிதல். தானம் கொடுக்கும்போது நீர் வார்ப்பதைக் கல்வெட்டுகள் "நீரட்டி" என்கின்றன. அட்டு, உறு என்று பிரித்துப் படித்தால் சிறிது சிறிதாக வந்து சேர்வது என்ற தொனி கிடைக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் "கொடுபட வேண்டிய செலவு" எளிதில் விளங்கும். ஆனால் அது கடனை மட்டுமே சொல்கிறது, வளர்ச்சியைச் சொல்வதில்லை.

இங்கே புழங்கும் இன்னொரு சொல் சென்மதி, வருமதிக்கு எதிர்ச்சொல். நாம் கொடுக்க வேண்டிய எதுவும் சென்மதிதான், ஆகவே அட்டுறு செலவும் அதில் அடங்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 37 இந்தக் கோட்டைத் தெளிவாகப் போடுகிறது. பொருளோ சேவையோ கிடைத்து, பில்லும் வந்திருந்தால் அல்லது தொகை முறைப்படி ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் அது வியாபாரச் சென்மதி. பொருளோ சேவையோ கிடைத்தும் பணம் கொடுக்கப்படாமல், பில்லும் வராமல், தொகையும் முறைப்படி ஒப்புக்கொள்ளப்படாமல் இருந்தால் அது அட்டுறு. இரண்டையும் "சென்மதி" என்ற ஒரே தலைப்பில் போட்டால், கணக்காய்வில் எதைத் தேட வேண்டும் என்பதே மறைந்துவிடும்.

அட்டுறுவின் மறுபக்கம் முற்கொடுப்பனவு: பணம் போய்விட்டது, பயன் இன்னும் வரவில்லை. இதை "முற்பணம்" என்று எழுதுகிறவர்கள் பலர். ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கும் அட்வான்ஸை முற்பணம் என்றும், நவம்பரில் கட்டி அடுத்த ஒக்டோபர் வரை ஓடும் காப்புறுதிக் கட்டணம் போன்றவற்றை முற்கொடுப்பனவு என்றும் பிரித்து வைப்பது நல்லது. ஏன் என்று கீழே தெரியும்.

இனிக் கணக்காய்வு. இங்கே சோதிக்கப்படுவது முழுமை, அதாவது வரவேண்டிய செலவு எல்லாம் ஏட்டுக்குள் வந்துவிட்டதா என்பது. நிறுவனம் தரும் அட்டுறு செலவுப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் பட்டியலில் உள்ளது மெய்யா என்றுதான் தெரியவரும். விடுபட்டது பட்டியலிலேயே இராது. ஆகவே ஏட்டுக்கு வெளியிலிருந்து தொடங்கி ஏட்டை நோக்கி நடக்க வேண்டும்.

திருகோணமலையில் இதற்குப் பொருத்தமான களம் நிலாவெளி, உப்புவெளிக் கரையோர விடுதிகள். வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்து, ஏப்ரல் மே மாதங்களில் சீசன் தொடங்குவதற்கு முன்பே திருத்த வேலையெல்லாம் முடிந்துவிட வேண்டும். நிதியாண்டு முடிவதோ மார்ச் 31. வேலை முடிந்த கையோடு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்துவிடும், ஒப்பந்தகாரர் பில் எழுத மே ஆகிவிடும். மனேஜரைக் கேட்டால் "பில் இன்னும் வரேல்லை" என்பார். அது உண்மைதான், ஆனால் கேள்வி அதுவல்ல.

ஒரு கற்பனை விடுதியை எடுப்போம். பத்து அறைகளுக்கு வெள்ளையடித்து உடைந்த ஓடுகளை மாற்றும் வேலை. மதிப்பீட்டுத் தொகை 18,50,000 ரூபா. பெப்ரவரி 15 அன்று அட்வான்ஸாக 6,00,000 கொடுக்கப்பட்டு முற்கொடுப்பனவில் பதியப்பட்டது. மார்ச் 31 அன்று ஏட்டில் இருப்பது அது மட்டும்தான். திருத்தச் செலவில் ஒரு சதமும் இல்லை.

கணக்காய்வாளர் ஏப்ரல் 1 முதல் களவேலை முடியும் நாள் வரையான வங்கிக் கூற்றை எடுத்து, பெரிய கொடுப்பனவுகள் ஒவ்வொன்றுக்கும் பில்லைக் கேட்கிறார். கொடுக்கப்படாமல் கோப்பில் கிடக்கும் பில்களையும் சேர்த்துப் பார்க்கிறார். அதை விட்டால், காசில்லாமல் தள்ளிப்போட்ட பில்கள் தப்பிவிடும். மே 6 திகதியிட்ட பில் ஒன்று அகப்படுகிறது: 18,50,000, அட்வான்ஸ் கழித்து மீதி 12,50,000. திகதியை மட்டும் பார்த்தால் அடுத்த ஆண்டுச் செலவு என்று கடந்துவிடலாம். பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

பொருள் வந்தால் பொருள் பெறுகைக் குறிப்பு இருக்கும், சேவைக்கு அப்படி ஒன்று இருப்பதில்லை. எனவே வேலை நடந்த நாளை வேறு இடத்தில் தேட வேண்டும். வாசல் காவலாளியின் வருகைப் புத்தகத்தில் ஒப்பந்தகாரரின் ஆட்கள் கடைசியாக வந்தது மார்ச் 25. முன்பதிவு அட்டவணையில் அந்தப் பத்து அறைகளும் மார்ச் 28 முதல் விருந்தினருக்குத் திறந்திருக்கின்றன. இரண்டும் கணக்குப் பிரிவின் கைபடாத பதிவுகள், அதனால்தான் அவற்றுக்கு மதிப்பு. வேலை ஆண்டு முடியும் முன்பே முடிந்துவிட்டது.

ஆகவே 12,50,000 அட்டுறு செலவு. அதோடு நிற்கக் கூடாது. முற்கொடுப்பனவில் கிடக்கும் 6,00,000 இனிச் சொத்து அல்ல, அந்தப் பயன் பெறப்பட்டாயிற்று. திருத்தச் செலவுக்கு 18,50,000 வரவு. முற்கொடுப்பனவுக்கு 6,00,000 செலவு, அட்டுறு செலவுக் கணக்குக்கு 12,50,000 செலவு. (குழம்பாதிருக்க: இலங்கைப் பாடநூல் வழக்கில் வரவு என்றால் டெபிட், செலவு என்றால் கிரெடிட்.) முற்கொடுப்பனவுப் பட்டியலில் "அட்வான்ஸ்" என்று ஒரு வரி இருந்தால், அதுவே எங்கோ ஓர் அட்டுறு செலவு விடுபட்டிருக்கலாம் என்பதற்குத் தடயம். முற்பணத்தைத் தனியே பிரித்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

மின்கட்டணத்தில் கண்ணி வேறு வகையானது. மானி மார்ச் 11, ஏப்ரல் 10 ஆகிய நாட்களில் வாசிக்கப்பட்டு 2,40,000 ரூபாவுக்குப் பில் வந்தது என்க. 30 நாட்களில் 20 நாள் மார்ச்சுக்குரியவை, நாள்வீதப்படி 1,60,000. ஆனால் அறைகள் நிரம்பத் தொடங்குவது ஏப்ரலில் என்றால் இது கூடுதலாக இருக்கும். மார்ச் 31 மாலை மானியைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தால் அதுவே சிறந்த ஆதாரம். இதை ஒவ்வோர் ஆண்டும் பதியாமல் விட்டாலும் செலவுக் கணக்கில் பன்னிரண்டு பில்கள் சரியாக நிற்கும், சென்ற ஆண்டோடு ஒப்பிட்டாலும் பெரிய வேறுபாடு தெரியாது. பிழை ஐந்தொகையில்தான் உட்கார்ந்திருக்கும்.

சம்பளத்தின் பக்கம் வேலை சுலபம். மார்ச் மாதத்துக்கான ஊழியர் சேமலாப நிதியில் தொழில்தருநரின் 12 வீதம், ஊழியரிடம் கழித்த 8 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் ஆகியவை ஏப்ரலில்தான் கட்டப்படும். சம்பளப் பட்டியலில் பெருக்கிப் பார்த்தால் போதும்.

களவேலை மே நடுவில் முடிந்தால் ஜூனில் வரும் பில்லைக் காண வழியில்லை. அப்போது நடப்பிலுள்ள ஒப்பந்தங்களின் பட்டியலையும் ஏற்றுக்கொண்ட மதிப்பீடுகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் மார்ச் 31 வரை எவ்வளவு வேலை நடந்தது என்று வழங்குநரிடமே எழுத்தில் உறுதி கேட்க வேண்டும். அடுத்த கணக்காய்வில் முதலில் பார்க்க வேண்டியது ஏப்ரல் 1இல் அந்த அட்டுறுவைத் திருப்பிப் போடும் எதிர்ப்பதிவை. அது போடப்படாமல் மே 6 பில்லும் முழுதாகச் செலவில் ஏறியிருந்தால், அதே வெள்ளையடிப்பு இரண்டு ஆண்டுகளிலும் செலவாக நிற்கும்.