“அருகிய இனம்” என்பது எதை அளக்கிறது?

“அழிந்து வரும் வரையாடுகளின் எண்ணிக்கை உயர்வு.” இப்படியொரு தலைப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 ஆக இருந்த வரையாடு 2025-இல் 1,303 என்று வந்தது. கூடியிருக்கும் ஆட்டுக்கு “அழிந்து வரும்” என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும்? பிழை ஆட்டினுடையதல்ல, எண்டேஞ்சர்டு என்ற சொல்லைத் தமிழாக்கியவர்களுடையது.

டேஞ்சர் என்றால் ஆபத்து. எண்டேஞ்சர்டு என்றால் ஆபத்துக்கு உள்ளானது. அழிகிறது என்ற பொருளே அதில் இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன், உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிட்டு வெளியிடும் சிவப்புப் பட்டியலில் இது ஒரு படியின் பெயர். கீழிருந்து மேலாக வல்னரபிள், எண்டேஞ்சர்டு, கிரிட்டிகலி எண்டேஞ்சர்டு என்ற மூன்று படிகளையும் சேர்த்துத்தான் திரெட்டண்டு என்கிறார்கள். நம் செய்திகளில் இந்த நான்கும் ஒரே “அழிந்து வரும்” ஆகிவிடுகின்றன.

இதைத் திருத்த வந்த ஆக்கம் “அருகிய இனம்”. நல்ல தமிழ்தான், ஆனால் இந்த இடத்துக்கு உரிய தமிழ் அல்ல. அருகுதல் என்றால் குறைதல், அரிதாதல். இலக்கண உரைகளில் “அருகிய வழக்கு” என்றால் எங்கோ ஓரிடத்தில் காணும் வழக்கு. சாகப்போகும் வழக்கு என்று எவரும் கொள்வதில்லை. ஆகவே “அருகிய இனம்” என்று படிப்பவர் மனத்தில் எண்ணிக்கைதான் நிற்கும். பட்டியலோ எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை.

வெண்முதுகுப் பாறுவை எடுத்துக்கொள்வோம். (பிணந்தின்னிக் கழுகு என்பார்கள். அது கழுகே அல்ல. அந்த வழக்கு தனிப் புலம்பல்.) மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது என்னும் அளவுக்கு வீழ்ச்சி. 2015 கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 6,000 பறவைகள்.

இந்தப் பறவையை எண்ணிக்கையை வைத்து மதிப்பிட்டுப் பாருங்கள். இனப்பெருக்க வயதை எட்டியவற்றை மட்டுமே எண்ண வேண்டும்; குஞ்சும் இளம் பறவையும் சேராது. அந்த எண்ணிக்கை 250-க்குக் கீழ் இருந்து, மேலும் குறைந்துகொண்டும் இருந்தால் மிக உயர்ந்த படி. 2,500-க்குக் கீழ் என்றால் நடுப்படி, 10,000-க்குக் கீழ் என்றால் கீழ்ப்படி. இந்த வழியில் போனால் பாறு கீழ்ப்படியோடு நின்றுவிடும். ஆனால் 2000-இலிருந்தே அது மிக உயர்ந்த படியில் இருக்கிறது. காரணம், வேறோர் அளவுகோல்: பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 80 விழுக்காடு வீழ்ந்தாலே அந்த உயர்ந்த படி கிடைக்கும். ஏதாவது ஓர் அளவுகோல் தரும் உயர்ந்த படிதான் இறுதி முடிவு. அருகியதால் அல்ல, சரிந்த வேகத்தால் கிடைத்த இடம் அது. இதை “மிக அருகிய இனம்” என்று எழுதினால் மதிப்பீட்டின் காரணமே மறைந்துபோகும்.

வல்னரபிளுக்கு வைத்த “அழிவாய்ப்பு” இன்னும் மோசம். வாய்ப்பு என்றால் நமக்கு நல்லது கிடைப்பது. வேலைவாய்ப்பு, பட வாய்ப்பு. அழிய வாய்ப்புக் கிடைத்ததா அந்த உயிருக்கு?

என் பரிந்துரை எளியது. திரெட்டண்டுக்கு “அழிவிடருற்றவை” என்று ஒரு பொதுப்பெயர். அதன் கீழ் அழிவிடர், கடும் அழிவிடர், மிகக் கடும் அழிவிடர். இடர் என்பது நிகழக்கூடியது, நிகழ்ந்துகொண்டிருப்பதல்ல. பட்டியலின் அடிப்படைக் கருத்தும் இதுவே: நடுப்படியை நிகழ்தகவால் சொன்னால், 20 ஆண்டு அல்லது ஐந்து தலைமுறைக்குள் அற்றுப்போகும் சாத்தியம் 20 விழுக்காடாவது இருக்க வேண்டும். அப்படிக் கணக்கிடத் தரவு போதுமான இனங்கள் சிலவே. அதனால்தான் எண்ணிக்கை, பரப்பு, வீழ்ச்சி ஆகிய மற்ற அளவுகோல்களை நம்புகிறார்கள்.

அவற்றுக்கும் எல்லை உண்டு. வீழ்ச்சியை அளக்கும் மூன்று தலைமுறைக் காலவரம்பு ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது. தொண்ணூறுகளின் பெருவீழ்ச்சி அதற்கு வெளியே போய்விட்டால், மீதமிருக்கும் பாறு ஒன்றுகூடக் கூடாமலேயே படி இறங்கலாம். உயர்ந்த படிக்குரிய தகுதி தொடர்ந்து ஐந்து ஆண்டு இல்லாமலிருந்தால்தான் இறக்கலாம் என்ற விதி இருக்கிறது. அது இறக்கத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. அன்றைக்கும் “அழிந்து வந்த பறவை மீண்டது” என்று தலைப்புப் போடுவார்கள்.