கொரங்காட்டில் எத்தனை மாடு விடலாம்? மார்கழியிலேயே கணக்குப் போடுங்கள்

காங்கேயம், மூலனூர் பக்கம் கொரங்காடு என்னும் வேலி அடைத்த மேய்ச்சல் காடு வைத்திருப்பவர்கள் கால்நடை மருத்துவர் என்ற முறையில் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஏக்கருக்கு எத்தனை மாடு விடலாம் டாக்டர்?" என்பதுதான். பொதுவாக ஓர் எண்ணைச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் மழையைப் பொறுத்து புல் வருஷா வருஷம் மாறும். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கொழுக்கட்டைப் புல் முற்றி நிற்கும் மார்கழியில் ஒரே நாளில் அளந்துவிடலாம்.

நாலு குச்சியைக் கட்டி, மீட்டருக்கு மீட்டர் ஒரு சட்டம் செய்யுங்கள். காட்டில் நடந்துகொண்டே பத்து இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு வீசுங்கள். புல் நன்றாக இருக்கும் இடமாகப் பார்த்து வைத்தால் கணக்கு கெட்டது, பாறையில் விழுந்தாலும் அதுவும் கணக்குதான். சட்டத்துக்குள் மாடு தின்னும் புல்லை மட்டும் தரையோடு அறுத்து எடை போட்டு, எடை குறைவது நிற்கும்வரை வெயிலில் காயவைத்து மறுபடி எடை போடுங்கள்.

நாலு ஏக்கர் காட்டில் சராசரியாகச் சட்டத்துக்கு 150 கிராம் காய்ந்த புல் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கர் சுமார் 4,000 சதுர மீட்டர், அதாவது ஏக்கருக்கு 600 கிலோ, நாலு ஏக்கருக்கு 2,400 கிலோ. இதில் பாதியை, 1,200 கிலோவை, விட்டுவிட வேண்டும். பலர் சண்டைக்கு வருவது இங்கேதான். அடித்தூர் நின்றால்தான் அடுத்த மழைக்கு வேரிலிருந்து துளிர்க்கும், அதோடு மிதிபட்டும் கரையான் தின்றும் கொஞ்சம் போய்விடும்.

300 கிலோ மாடு உடல் எடையில் இரண்டரை சதவீதம், அதாவது நாளைக்கு ஏழரை கிலோ காய்ந்த புல் தின்னும். தை முதல் சித்திரை வரை 120 நாளைக்கு 900 கிலோ. மிச்சம் 300 கிலோவில் நாளைக்கு ஒரு கிலோ தின்னும் செம்மறி இரண்டு மேயும். ஆக ஒரு மாடு, இரண்டு செம்மறி, அவ்வளவுதான். மூன்று மாடு நிற்கிற காட்டில் மற்ற இரண்டுக்கும் சோளத்தட்டு போட்டே ஆக வேண்டும்.

வெள்ளாட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது, அது இலையும் தழையும் தேடித் தின்னும், கோடையில் வெள்வேல் மரத்து நெற்றும் கிடைக்கும். ஆனால் ஆடு அதிகமானால் வெள்வேல் கன்று ஒன்றுகூட எழும்பாது, அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கணக்கு சரியா என்பதைப் புல்லே காட்டிவிடும். அடித்தூர் நாலு விரல்கடைக்கும் கீழே போய்விட்டாலோ, இழுத்தால் வேரோடு வந்தாலோ, மாடு அதிகம் என்று அர்த்தம், உடனே அடுத்த பட்டிக்கு மாற்றுங்கள். மாற்ற இடமில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைப்பதை மார்கழியிலேயே முடிவு செய்யுங்கள். மாடு தெளிவாக இருக்கும்போது விற்பதும், சித்திரையில் எலும்பு தெரிய சந்தைக்கு ஓட்டிப் போவதும் ஒரே விலைக்கு இல்லை.