ஒருதலைப்பட்சத் தீர்ப்பா, ஒருதரப்புத் தீர்ப்பா?

மொழிபெயர்ப்புச் சிறுகதை ஒன்றில் ஒரு காட்சி. மேற்கு வரப்பை ஒட்டிய பன்னிரண்டு சென்ட் நிலம் தனக்கே உரியது என்று பங்காளி மகன் வழக்குப் போட்டிருக்கிறான். அமீனா கொண்டுவந்த சம்மனில் அப்பத்தா கைநாட்டு வைத்து வாங்கிவிட்டாள். மாலையில் பேரன் அதை உரக்கப் படிக்கிறான். "குறித்த தேதியில் தாங்கள் ஆஜராகத் தவறினால் வழக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும்." அப்பத்தா காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நாளைக்கு வக்கீலப் பாக்கணும், காலைலயே கிளம்பு ராசா" என்கிறாள். கதையின் முடிச்சே அந்த வரிதான். அதைக் கேட்டதும் அவள் புறப்பட வேண்டும். ஆனால் தமிழில் படிப்பவருக்கு அவள் ஏன் புறப்படுகிறாள் என்பது விளங்காது. ஒரு பக்கமாகத்தான் தீர்ப்பு சொல்வோம் என்று எழுதியே அனுப்பிவிட்ட இடத்துக்கு ஒரு கிழவி எதற்காகப் போக வேண்டும்?

பிழை 'ஒருதலைப்பட்சமாக' என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. மூலத்தில் இருப்பது 'எக்ஸ் பார்ட்டே' என்ற இலத்தீன் தொடர். ஒரு தரப்பிலிருந்து என்பது அதன் பொருள். அழைப்பு முறையாகக் கிடைத்தும் பிரதிவாதி வரவில்லை என்றால், வந்திருக்கும் வாதியை மட்டும் கேட்டு வழக்கை நடத்தலாம் என்கிறது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 6. நீதிபதி யார் பக்கம் சாய்ந்தார் என்ற பேச்சே அதில் கிடையாது. யார் வந்தார், யார் வரவில்லை என்பது மட்டும்தான் செய்தி.

'ஒருதலை' தனியாக நின்றால் குற்றமில்லாத பழஞ்சொல். ஒருதலைக் காதல் என்னும்போது ஒருவர் பக்கம் மட்டும் இருப்பது என்றே கொள்கிறோம், அங்கே யாரும் பாரபட்சத்தைக் காண்பதில்லை. கெடுப்பது பட்சம். 'பக்ஷ' என்ற வடசொல்லுக்குச் சிறகு, பக்கம் என்று பொருள். தமிழில் அது அன்பு, சாய்வு என்ற நிறத்தையும் ஏற்றது. பட்சபாதம், பாரபட்சம் ஆகியவற்றின் வழியே அது நம் காதில் நடுநிலை தவறுதல் என்றே விழுகிறது. ஒருதலையும் பட்சமும் சேர்ந்த பிறகு, அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கொள்ள வழியில்லை. செய்தித்தாளில் ஒருதலைப்பட்சமான நடவடிக்கை என்றால் அது குற்றச்சாட்டு. அதே சொல்லை நீதிமன்றம் தன் உத்தரவுக்கே பெயராக வைத்துக்கொண்டால், படிக்காத அப்பத்தா மட்டுமல்ல, படித்த பேரனும் தடுமாறுவான்.

இந்தத் தடுமாற்றத்துக்கு விலை உண்டு. பாரபட்சமான தீர்ப்பு என்று நினைப்பவர் மேல்முறையீட்டையும் நீதிபதி மீது புகாரையும் பற்றி யோசிப்பார். வராததால் வந்த தீர்ப்புக்கு நேரான வழி வேறு. சம்மன் முறைப்படி வந்து சேரவில்லை என்றோ, வர முடியாதபடி தக்க காரணம் இருந்தது என்றோ காட்டி, தீர்ப்பளித்த அதே நீதிமன்றத்திலேயே அதை நீக்கக் கேட்கலாம். கட்டளை 9, விதி 13 அதற்காகவே இருக்கிறது. காலவரம்பு தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள். சம்மன் அப்படி வந்து சேராதிருந்தால், தீர்ப்பாணை தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். தாமதத்தை மன்னிக்கக் கேட்க இடமுண்டு என்றாலும், ஒவ்வொரு நாள் தாமதமும் விளக்கம் கேட்கும். 'சாய்ந்துவிட்டார்கள்' என்று புலம்பியே அந்த 30 நாளைக் கழிப்பவருக்கு அந்தச் சொல்லே பகையாகிறது. இன்னொன்று, ஒரு தரப்பு வராவிட்டால் மற்றவர் தானாக வென்றுவிடுவதில்லை. வாதி தன் ஆவணங்களையும் சாட்சியத்தையும் வைத்து வழக்கை நிறுவியே ஆக வேண்டும்.

இனி மாற்றுச்சொல். தூய தமிழ் விரும்புவோர் பட்சத்தை நீக்கிவிட்டு 'ஒருசார்புத் தீர்ப்பு' என்று எழுதுகிறார்கள். வடசொல் போனது, பிழை போகவில்லை. இன்னும் முற்றியிருக்கிறது. சார்பு என்றாலே சாய்வு, சார்பற்றவர் என்றால் நடுநிலையாளர். 'ஒருபால்' வைக்கலாமே என்பார்கள். "அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க்கு அணி" என்ற குறளைக் கேட்டு வளர்ந்தவர் காதில் ஒருபால் என்றதும் கோடுதல்தான் நினைவுக்கு வரும். பட்சத்தை மட்டும் கழித்து 'ஒருதலைத் தீர்ப்பு' என்றால், "ஒருதலையாச் சொல்லலும் வல்லது அமைச்சு" என்பதில் அந்தச் சொல்லுக்கு உறுதி, துணிவு என்று பொருள். பழந்தமிழ் அறிந்தவர் ஐயமற்ற தீர்ப்பு என்று படிப்பார், அறியாதவர் பாரபட்சம் என்று படிப்பார். 'ஒருகட்சித் தீர்ப்பு' ஒரு காலத்தில் ஓடியிருக்கும். வழக்காளரைக் கட்சிக்காரர் என்று இன்றும் வக்கீல்கள் சொல்கிறார்கள். ஆனால் கட்சி என்ற சொல்லைத் தேர்தல் எடுத்துக்கொண்டுவிட்டது.

என் முடிவு 'ஒருதரப்புத் தீர்ப்பு'. தரப்பு அரபுவழி வந்த சொல், தமிழல்ல என்று தள்ளுவோர் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து நீதிமன்றம் வரை 'எங்க தரப்புல' என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதில் சாய்வின் வாடையே இல்லை. வழக்கில் நிற்கும் ஒரு பக்கத்தார், அவ்வளவுதான். தூய்மைக்காகத் தெளிவைக் கொடுத்துவிடுவதை நான் ஏற்கவில்லை. சம்மன் என்பது புலவருக்கு எழுதும் ஓலை அல்ல.

சிறுகதைக்கு அந்தக் கலைச்சொல்கூடத் தேவையில்லை. சட்டத்தின் பின்னிணைப்பில் உள்ள சம்மன் படிவமே இலத்தீனைப் பயன்படுத்தவில்லை. நீங்கள் வராவிட்டால் நீங்கள் இல்லாமலேயே வழக்கைக் கேட்டு முடிவு செய்வோம் என்றுதான் சொல்கிறது. பேரன் "நீங்கள் வரவில்லை என்றால் நீங்கள் இல்லாமலேயே வழக்கு விசாரித்து முடிக்கப்படும்" என்று படிக்கட்டும். அப்பத்தா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகுவதற்குக் காரணம் தானாகக் கிடைத்துவிடும். நான் இல்லாத இடத்தில் என் நிலத்தைப் பேசுவார்களா என்ற சினம் அது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொள்வதால் வரும் கேடு இது. வாசகருக்கு விளங்காவிட்டால் அது சட்டத்தமிழ், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். சட்டத்தமிழ் அப்படி இருக்க வேண்டியதில்லை.

ஒரு நுணுக்கத்தை மட்டும் கவனிக்க வேண்டும். இதே இலத்தீன் தொடர் இடைக்காலத் தடையாணையிலும் வரும். அங்கே எதிர்த்தரப்பு அழைத்தும் வராமல் போனதல்ல. தாமதித்தால் தடையின் நோக்கமே கெட்டுவிடும் என்று நீதிமன்றம் காரணத்தைப் பதிந்து, அறிவிப்பு அனுப்பும் முன்பே உத்தரவிடுகிறது. இரண்டும் ஒருதரப்பு உத்தரவுகளே, ஆனால் கதையில் 'வராததால்' என்ற சொல்லை இங்கே போட்டால் பொய்யாகிவிடும். வரப்பில் மண்வெட்டி போடக்கூடாது என்று பங்காளி மகன் தடை வாங்கி வந்தால், அப்பத்தாவுக்குப் பேரன் சொல்ல வேண்டியது, "நம்மளக் கேக்காமலே கொடுத்திருக்காங்க அப்பத்தா, போய்ச் சொன்னா திரும்பவும் விசாரிப்பாங்க" என்பதே.