பிராந்தி: எரித்த ஒயினும் பழச்சாராயமும்

டச்சுக்காரர்கள் வடித்த ஒயினை 'பிராண்டவெய்ன்' என்றார்கள். எரித்த ஒயின் என்று பொருள். அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி வடித்ததைத்தான் எரித்தது என்றார்கள். ஆங்கிலத்தில் அது பிராண்டிவைன் ஆகி, வால் அறுந்து பிராண்டி ஆனது. நமக்குப் பிராந்தி.

பிரான்சின் கோன்யாக் வட்டாரத்தில் காய்ச்சுவதற்கென்று எடுக்கும் ஒயினைக் குடித்துப் பார்த்தால் முகம் சுளிக்கும். உனி பிளாங் என்ற வெள்ளைத் திராட்சை அது. புளிப்பு தூக்கல், மணம் குறைவு, ஆல்கஹால் சுமார் 9 சதவீதம்தான். வேண்டுமென்றேதான் அப்படி. கெடாமல் இருக்க ஒயினில் கந்தகம் சேர்ப்பது வழக்கம். காய்ச்சும்போது அதன் நாற்றமும் ஏறிவரும் என்பதால் இங்கே சேர்ப்பதில்லை. காய்ச்சும் நாள்வரை ஒயினைக் காப்பது அந்தப் புளிப்புதான். ஆல்கஹால் குறைவாக இருப்பதால், கொஞ்சம் சாராயத்துக்கே நிறைய ஒயினைக் காய்ச்ச வேண்டியிருக்கிறது. திராட்சையின் வாசனையும் அந்த அளவுக்குத் திரள்கிறது.

வாலை என்னும் செம்பு வடிகலத்தில் முதல் முறை வடித்தால் கலங்கலான, 30 சதவீத அளவிலான 'புரூயி' கிடைக்கும். அதை மறுபடி காய்ச்சும்போதுதான் கைவேலை. முதலில் வருவது நகப்பூச்சு நெடி அடிக்கும், அதை ஒதுக்குவார்கள். நடுப்பகுதி, ஏறக்குறைய 70 சதவீதம், தெளிவாக வரும், அதுதான் சரக்கு. கடைசியில் வெந்த வாடை தட்டுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். தாமதித்தால் அந்த வாடை பீப்பாய்க்கும் போகும், ஆண்டுகள் ஆனாலும் முழுதாகப் போகாது.

அப்புறம் ஓக் பீப்பாய். கோன்யாக் என்ற ஊர்ப்பெயரிலேயே விற்கக் குறைந்தது 2 ஆண்டு, புட்டியில் எக்ஸ்.ஓ. என்ற முதிர்ந்த தரத்தை எழுத 10 ஆண்டு. நிறமும் வனிலா மணமும் மரத்திலிருந்து வருபவை. ஆண்டுக்கு 2 சதவீதம்போல ஆவியாகிவிடும், அதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள்.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் செர்ரியில் காய்ச்சும் கிர்ஷுக்குக் கணக்கே வேறு. அங்கே பழத்தின் மணம்தான் எல்லாம். மரத்தில் போட்டால் அது மங்கும் என்பதால் பெரும்பாலும் கண்ணாடியிலோ எஃகிலோ ஓய்வெடுக்கும். தண்ணீர் போலத் தெளிந்தே இருக்கும். லேசான பாதாம் வாசனை செர்ரிக் கொட்டையினுடையது. எல்லாப் பழச்சரக்கும் இப்படியல்ல: நார்மண்டியின் ஆப்பிள் கல்வடோஸ் 2 ஆண்டாவது ஓக்கில் கிடக்க வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? சித்த மருத்துவத்தில் வடிகலத்துக்கு வாலை என்றே பெயர், வடித்ததற்குச் சாராயம் உண்டு. ஆக, கோன்யாக் திராட்சைச் சாராயம், கிர்ஷ் செர்ரிச் சாராயம், பொதுப்பெயர் பழச்சாராயம். சாராயம் என்றால் மட்டமானது என்ற எண்ணத்தை விட்டால், என் கணக்கில் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் இந்தியாவில் விற்கும் பிராந்தியில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலோ தானியத்திலோ வடித்த சாராயத்தில் கலந்தது. அந்தப் புட்டிக்குப் பழச்சாராயம் என்ற பெயர் பொருந்தாது. பிராந்தி என்றே இருக்கட்டும்.