இரண்டு கணுக்கள் சந்திக்கும் இடம்

கீழே உள்ள மரத்தைப் பாருங்கள். கணினியில் மரம் என்றால் வேர் மேலே, இலைகள் கீழே. ஒவ்வொரு கணுவுக்கும் அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள் என்பதால் இதைப் பைனரி மரம் என்கிறோம்.

```
        1
       / \
      2   3
     / \   \
    4   5   6
       / \
      7   8
         /
        9
```

4, 9 என்ற இரண்டு கணுக்களையும் தனக்குக் கீழே வைத்திருக்கும் கணுக்கள் எவை? 2, 1 இரண்டும்தான். அவற்றில் மிகத் தாழ்ந்த நிலையில் இருப்பது 2. அதுவே 4, 9 இவற்றின் அண்மைப் பொது மூதாதை. நிரலாளர்கள் பேச்சில் எல்.சி.ஏ. ஒரு கணு தனக்குத் தானே மூதாதை என்பது இங்கே வழக்கம். ஆகவே 5, 9 இரண்டுக்கும் விடை 5. இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பிழை இதை மறப்பதால்தான் வரும்.

இந்தக் கணு கிடைத்தால் வேறு பலவும் கிடைக்கும். 4-இலிருந்து 9-க்கு எத்தனை கிளைகளைக் கடக்க வேண்டும் என்று கேட்டால், இரண்டின் ஆழங்களைக் கூட்டி, பொது மூதாதையின் ஆழத்தை இரண்டு முறை கழித்தால் போதும். வேரின் ஆழம் 0 என்றால் 2 + 4 − 2 × 1 = 4. மரத்தில் விரல் வைத்து எண்ணினாலும் 4-2-5-8-9 என்று நான்கு கிளைகளே வருகின்றன.

நம் கண்ணுக்கு மரம் முழுவதும் ஒரே நேரத்தில் தெரிகிறது. கணினிக்கு அப்படி இல்லை. ஒரு கணுவில் நிற்கும்போது அதன் இடப் பிள்ளை, வலப் பிள்ளை ஆகிய இரண்டுக்கான சுட்டிகள் மட்டுமே அதன் கையில் இருக்கும். 9 எந்தப் பக்கம் இருக்கிறது என்பது, தேடிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் யாருக்கும் தோன்றும் வழி, வேரிலிருந்து ஒவ்வொரு கணுவுக்கும் உள்ள பாதையை எழுதிக்கொள்வது. 4-இன் பாதை 1, 2, 4. 9-இன் பாதை 1, 2, 5, 8, 9. இரண்டையும் முதலிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தால், கடைசியாக ஒத்துப்போகும் எண் 2. இது சரியான வழிதான். ஆனால் மரத்தை இரண்டு முறை தேடுகிறோம், பாதைகளைச் சேமிக்கத் தனி இடமும் செலவாகிறது.

ஒரே தேடலில் இதை முடிக்கலாம். ஒவ்வொரு கணுவும் தன் இரு பிள்ளைகளிடமும் “உன் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்தால் சந்திப்பு இங்கேதான். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால், வந்ததை அப்படியே மேலே அனுப்பிவிடுகிறது.

```python
def lca(node, a, b):
    if node is None or node is a or node is b:
        return node
    left = lca(node.left, a, b)
    right = lca(node.right, a, b)
    if left and right:
        return node
    return left or right
```

நம் மரத்தில் ஓட்டிப் பார்ப்போம். 4 தன்னையே திருப்பி அனுப்புகிறது. 7-இடமிருந்து ஒன்றும் வரவில்லை. 9 தன்னை அனுப்ப, 8 அதை 5-க்கும், 5 அதை 2-க்கும் கடத்துகின்றன. 2-இன் இடப்பக்கத்திலிருந்து 4, வலப்பக்கத்திலிருந்து 9 வந்து சேர்ந்ததால், 2 “நானே” என்று தன்னை மேலே அனுப்புகிறது. வேர் அதன் பிறகும் 3, 6 இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல், 2-ஐ விடையாகத் தருகிறது.

எட்டே வரிகளில் அமைந்த இந்த நிரல் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் இதில் ஒரு பொறி இருக்கிறது. 5, 9 என்று கேட்டால் நிரல் 5-ஐக் கண்டவுடன் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே இறங்குவதே இல்லை. 9 மரத்தில் உண்மையிலேயே இருந்தாலும், நேற்றே நீக்கப்பட்டிருந்தாலும் விடை 5 என்றே வரும். இரண்டு கணுக்களும் மரத்தில் இருப்பது உறுதி என்றால் கவலை இல்லை. உறுதி இல்லையென்றால், முதலில் இரு பிள்ளைகளையும் தேடிவிட்டுப் பிறகு தன்னைச் சரிபார்க்க வேண்டும். கண்டது இரண்டா ஒன்றா என்று எண்ணிக்கொள்ளவும் வேண்டும்.

கணுவில் எழுதியிருக்கும் எண்ணை ஒப்பிடாமல் கணுவையே ஒப்பிட `is` என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். ஒரே எண் இரண்டு கணுக்களில் இருக்கலாம். இன்னொன்று: மரம் ஒரே பக்கமாகச் சரிந்து சங்கிலிபோல் நீண்டால், நிரல் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் ஆழமும் நீளும். பைத்தானில் அந்த ஆழத்துக்கு இயல்பான வரம்பு 1000. அதைத் தாண்டினால் `RecursionError` என்று நிரல் நின்றுவிடும்.

ஒரே ஒரு கேள்வி என்றால் இதைவிடச் சிறந்த வழியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. மரத்தில் n கணுக்கள் இருந்தால் ஏறக்குறைய n படிகள். தெரியாத மரத்தில் தேடுவதற்கு அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். சிக்கல், அதே மரத்தைப் பற்றி ஒரு லட்சம் கேள்விகள் வரும்போது தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் மரத்தைப் புதிதாகத் தேடுவது, நேற்றுக் கற்றதை எல்லாம் மறந்துவிட்டு இன்று மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குச் சமம்.

ஆகவே ஒருமுறை மரம் முழுவதும் நடந்து, ஒவ்வொரு கணுவிலும் அதன் பெற்றோர் யார், ஆழம் எவ்வளவு என்று குறித்துக்கொள்வோம். இனிக் கீழே தேட வேண்டியதில்லை. மேலே ஏறினால் போதும். 4-இன் ஆழம் 2, 9-இன் ஆழம் 4. முதலில் 9-ஐ இரண்டு படி ஏற்றி ஆழத்தைச் சமமாக்குகிறோம்: 9, 8, 5. இப்போது 4, 5 இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. இரண்டையும் ஒவ்வொரு படியாகச் சேர்த்து ஏற்றினால் அடுத்த படியிலேயே 2-இல் சந்திக்கின்றன. மரம் சமச்சீராக இருந்தால் இது மிக வேகம்: 10 லட்சம் கணுக்கள் உள்ள மரத்தின் ஆழம் 20-ஐத் தாண்டாது. ஆனால் அதே 10 லட்சமும் சரிந்த சங்கிலியாக இருந்தால் ஒரு கேள்விக்கே லட்சக்கணக்கான படிகள் ஏற நேரும். ஒரு லட்சம் கேள்விகள் என்றால் மொத்தம் பத்தாயிரம் கோடிப் படிகள்வரை போய்விடும்.

ஒவ்வொரு படியாக ஏறுவதுதான் குறை என்றால், தாவுவோம். ஒவ்வொரு கணுவுக்கும் 1, 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்குகளான தூரத்தில் மேலே யார் இருக்கிறார்கள் என்று ஓர் அட்டவணை போட்டுவிடலாம். அதை நிரப்புவதும் எளிது. எட்டாவது மூதாதை என்பவர், நான்காவது மூதாதையின் நான்காவது மூதாதை. கீழே up[k][v] என்பது v என்ற கணுவிலிருந்து 2^k படி மேலே இருக்கும் கணு.

```
up[k][v] = up[k-1][ up[k-1][v] ]
```

வேருக்கு மேலே யாரும் இல்லை என்பதால், வேரின் பெற்றோர் வேரே என்று வைத்துக்கொள்கிறோம். 2^20 என்பது 10,48,576. எனவே 10 லட்சம் கணுக்களுக்கு 20 வரிசைகள் போதும். ஆழ வித்தியாசம் 13 என்றால் 8 + 4 + 1 என்று மூன்றே தாவல்களில் சமமாகிவிடும்.

சமமான பிறகு நடப்பதுதான் இந்த முறையின் உயிர். இரண்டு கணுக்களிலிருந்தும் ஒரே அளவு மேலே பார்க்கிறோம். சந்திக்கும் இடத்துக்குக் கீழே எங்கு பார்த்தாலும் இரண்டும் வேறு வேறு மூதாதைகள். சந்திக்கும் இடத்திலும் அதற்கு மேலேயும் எப்போதும் ஒரே மூதாதை. எனவே பெரிய தாவலில் தொடங்கிச் சிறியதை நோக்கி வருகிறோம். தாவினால் போய்ச் சேரும் இடங்கள் வேறு வேறாக இருந்தால் மட்டுமே தாவுகிறோம். ஒன்றாக இருந்தால், அது பொது மூதாதைதான் என்றாலும் அண்மையானதா என்று சொல்ல முடியாது. ஒருவேளை தாண்டிப் போயிருக்கலாம். கடைசியில் இரண்டும் சந்திப்புக்குச் சரியாக ஒரு படி கீழே வந்து நிற்கும். அவற்றின் பெற்றோரே விடை.

நம் மரத்தில், சமமாக்கிய பின் 4, 5 நிற்கின்றன. இரண்டு படி தாவினால் இரண்டுக்கும் 1, ஒன்றாகிவிட்டதால் தாவவில்லை. ஒரு படி தாவினால் இரண்டுக்கும் 2, அதற்கும் தாவவில்லை. எனவே 4-இன் பெற்றோரான 2 விடை. இப்போது 5, 9 என்று கேட்டுப் பாருங்கள். 9 இரண்டு படி ஏறி 5-க்கே வந்துவிடுகிறது. அங்கேயே “இரண்டும் ஒன்றா?” என்று பார்த்து நிறுத்தாவிட்டால், நிரல் 5-இன் பெற்றோரான 2-ஐத் தவறாகத் தந்துவிடும். மாதிரி மரத்தில் இலைகளை மட்டும் கொடுத்துச் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. ஒன்று மற்றொன்றுக்கு மூதாதையாக இருக்கும் ஒரு சோடியைக் கட்டாயம் சோதனையில் சேருங்கள்.

விலை நினைவகம். 10 லட்சம் கணுக்களுக்கு 20 வரிசைகள் என்றால் இரண்டு கோடி எண்கள். எண்ணுக்கு நான்கு பைட் வைத்தால் எட்டுக் கோடி பைட். பதிலுக்கு, எந்தக் கேள்வியும் நாற்பதுக்கு மேற்படாத தாவல் முயற்சிகளில் முடிந்துவிடுகிறது.

இதையும்விட வேகம் உண்டா? உண்டு; அந்த வழி மரத்தையே ஒரு வரியாக மாற்றிவிடுகிறது. வேரில் தொடங்கி, கிளைகள் வழியே இறங்கி ஏறி, காலடி வைக்கும் கணுக்களை எல்லாம் வரிசையாக எழுதுகிறோம். கீழ் வரியில் அவற்றின் ஆழம்.

```
1 2 4 2 5 7 5 8 9 8 5 2 1 3 6 3 1
0 1 2 1 2 3 2 3 4 3 2 1 0 1 2 1 0
```

9 கணுக்களுக்கு 17 இடங்கள். 4-இலிருந்து 9-க்குப் போகும் நடையில் சந்திப்புக் கணுவை மிதிக்காமல் போக முடியாது. அதற்கு மேலே ஏறவும் காரணமில்லை. எனவே 4 முதலில் வரும் மூன்றாம் இடத்துக்கும், 9 வரும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவே மிகக் குறைந்த ஆழம் எதுவோ அதுவே விடை. அங்குள்ள ஆழங்கள் 2, 1, 2, 3, 2, 3, 4. குறைந்தது 1, அதன் கணு 2. நீளம் 1, 2, 4, 8 என்ற துண்டுகளுக்கு மட்டும் குறைந்த ஆழத்தை முன்பே கணக்கிட்டு வைத்தால், எந்த இடைவெளியையும் இரண்டு துண்டுகளால் மூடிவிடலாம். இங்கே 3 முதல் 6 வரை ஒன்று, 6 முதல் 9 வரை மற்றொன்று. ஆறாம் இடம் இரண்டிலும் வருகிறதே என்று தோன்றலாம். கூட்டல் கணக்கென்றால் அது பிழை. மிகச் சிறியதைத் தேடும்போது ஒரே எண்ணை இரண்டு முறை பார்ப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. மரம் எவ்வளவு பெரிதானாலும், கேள்விக்கு இரண்டே இரண்டு பார்வை.

முன்தயாரிப்பு n அளவிலும் கேள்வி நிலையான நேரத்திலும் முடியும் என்று 1984-இல் ஹாரெல், டார்ஜான் இருவரும் நிறுவினர். அவர்கள் முறை சிக்கலானது. 2000-இல் பெண்டரும் ஃபராக்-கோல்டனும் மேலே உள்ள ஆழ வரியில் அடுத்தடுத்த எண்கள் எப்போதும் ஒன்றே ஒன்றுதான் வேறுபடுகின்றன என்ற எளிய உண்மையைப் பயன்படுத்தி, அதே எல்லையை எழுதத்தக்க வடிவில் எட்டிக் காட்டினர்.

இருந்தாலும் நான் பெரும்பாலும் தாவல் அட்டவணையையே எடுக்கிறேன். மரத்தில் 6-க்குக் கீழே 10 என்று ஒரு புதிய இலை முளைத்தால், நடை வரியின் நடுவே இரண்டு இடங்கள் புதிதாக நுழைந்து, பின்னால் உள்ள எல்லாம் நகர்ந்து, துண்டுக் கணக்குகளை மீண்டும் போட வேண்டியதாகிறது. தாவல் அட்டவணையிலோ 10-க்கு மட்டும் ஒரு நெடுவரிசை புதிதாக எழுதினால் போதும்: பெற்றோர் 6, அதன் பெற்றோர் 3, அதற்கு மேல் 1. பழைய எண் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை.