‘சமமின் புள்ளியில் புரதம் கரையாது’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள்

உணவு வேதியியல் விடைத்தாள்களைத் திருத்துவதும், ஆய்வகத்தில் புரதப் பானங்களைச் சோதிப்பதுமாக என் நாள்கள் கழிகின்றன. இரண்டு இடத்திலும் ஒரே பிழையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். புரதத்தின் கரைதிறனை அந்தப் புரதத்துக்கே உரிய நிலையான குணம்போல எழுதுகிறார்கள். எந்த pH-இல், சூடாக்கும் முன்பா பின்பா, உப்பு எவ்வளவு என்று சொல்லாமல் ‘கரையும்’ என்றோ ‘கரையாது’ என்றோ எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

தேர்வில் வரும் ஒரு வகைக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 3 சதவீத வே புரதக் கரைசல் (பால் திரிந்தபின் வடியும் தெளிநீரில் இருப்பதுதான் வே புரதம்) மூன்று குழாய்களில் இருக்கிறது. முதல் குழாயை pH 4.6-க்குக் கொண்டுவந்து, சூடாக்காமல் விடுகிறோம். லேசாக மங்குகிறது, அவ்வளவுதான். இரண்டாவதை pH 7-இல் 85 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, பிறகு pH 4.6-க்குக் கொண்டுவருகிறோம், வெண்மையாகத் திரிந்து அடியில் படிகிறது. மூன்றாவதை pH 3-க்குக் கொண்டுவந்த பிறகு அதே அளவு சூடாக்குகிறோம், தெளிவாகவே இருக்கிறது. காரணம் கூறுக.

பெரும்பாலான விடைகள் இரண்டாவது குழாயோடு நின்றுவிடுகின்றன. ‘சமமின் புள்ளியில் நிகர மின்னூட்டம் சுழி, விலக்குவிசை இல்லை, ஆகவே வீழ்படிவு’ என்று எழுதிவிட்டு, முதல் குழாய் ஏன் திரியவில்லை என்பதை அப்படியே தாண்டிவிடுகிறார்கள். கேள்வியின் உயிர் முதல் குழாயில்தான் இருக்கிறது.

வே புரதத்தில் மிகுதியாக இருப்பது பீட்டா-லாக்டோகுளோபுலின். அதன் சமமின் புள்ளி ஏறத்தாழ 5.2. pH 4.6 அதற்கு மிக அருகில்தான் இருக்கிறது. ஆனால் நிகர மின்னூட்டம் ஏறக்குறைய சுழி என்றால் மின்னூட்டமே இல்லை என்று பொருளல்ல. நேரும் எதிரும் ஏறக்குறையச் சமமாக இருக்கின்றன. இரண்டுமே மேற்பரப்பில் இருந்து நீரைப் பிடித்துக்கொள்கின்றன. நீரை வெறுக்கும் பகுதிகள் உருண்டையாக மடிந்த மூலக்கூறின் உள்ளே ஒளிந்திருக்கின்றன. விலக்குவிசை குறைந்தாலும், ஒட்டிக்கொள்வதற்கு வெளியே இடம் அதிகம் இல்லை. அதனால்தான் சூடுபடாத வே புரதம் அந்த pH-இலும் பெரும்பாலும் கரைந்தே இருக்கிறது. அதே pH 4.6-இல் கேசின் வீழ்படிவாகிவிடுகிறது, ஏனென்றால் அதன் சங்கிலி உருண்டையாக மடியாமல் திறந்து கிடக்கிறது. பாலில் இருந்து இரண்டையும் பிரிப்பதே இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

இப்போது இரண்டாவது குழாய். pH 7-இல் 70 டிகிரியைத் தாண்டும்போது பீட்டா-லாக்டோகுளோபுலினின் மடிப்பு குலையத் தொடங்குகிறது. உள்ளே இருந்த நீர்வெறுப்புப் பகுதிகளும், தனித்திருக்கும் ஒரு தயோல் தொகுதியும் வெளியே வருகின்றன. தயோல் பக்கத்து மூலக்கூறின் டைசல்பைடுப் பிணைப்பைத் தாக்கி, ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறது. ஆனாலும் உப்பு குறைவாக இருந்தால் pH 7-இல் கரைசல் திரிவதில்லை. எதிர் மின்னூட்டம் அந்தச் சிறு திரள்களைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறது. ‘இயல்பு திரிந்தது என்றால் கரையாது’ என்ற இன்னொரு மனப்பாட வாக்கியமும் இங்கே உடைகிறது. கரைசல் திரிந்து படிவதற்கு இரண்டு நிபந்தனைகளும் வேண்டும்: மடிப்பு குலைந்திருக்க வேண்டும், விலக்குவிசையும் போயிருக்க வேண்டும். ஆய்வகத்தில் வே புரதம் எவ்வளவு சூடுபட்டிருக்கிறது என்று அளக்க pH 4.6-இல் கரைதிறன் பார்ப்பது இதனால்தான். pH 7-இல் பார்த்தால் சேதம் வெளியே தெரியாமல் போய்விடலாம்.

இதை நான் ஒரு தொகுப்பு முழுவதையும் இழந்து கற்றேன். அமிலப் பழச்சாற்றில் புரதம் சேர்க்கும் வேலை. தூளின் சான்றிதழில் கரைதிறன் மிக உயர்வாக இருந்தது. அது pH 7-இல் அளந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. தூளை நீரில் கரைத்து, சூடாக்கி, கடைசியில் அமிலம் ஊற்றினோம். pH 7-இல் இருந்து 3.2-க்கு இறங்கும் வழியில் கரைசல் 5-ஐயும் 4.6-ஐயும் கடக்கிறது. ஏற்கெனவே குலைந்திருந்த புரதம் அந்த இடத்தில் திரண்டது. 3.2-க்கு வந்த பிறகும் டைசல்பைடு கோத்த திரள்கள் முழுதாகப் பிரியவில்லை. மறுநாள் பாட்டில்களின் அடியில் வண்டல். வரிசையை மாற்றி, முதலில் அமிலம், பிறகு சூடு என்று செய்தபோது பானம் தெளிவாக நின்றது.

மூன்றாவது குழாயின் விடை அதுதான். pH 3-இல் புரதம் முழுக்க நேர்மின்னூட்டம் ஏந்தி, ஒன்றையொன்று வலுவாகத் தள்ளுகிறது. அதோடு, அமிலத்தில் தயோல் வினைபுரிவது வெகுவாகக் குறைகிறது. குலைந்த மூலக்கூறுகள்கூடக் கோத்துக்கொள்வது கடினம். ஒரு எல்லையையும் விடையில் எழுதுங்கள்: இந்தத் தெளிவு உப்பு குறைவாக இருக்கும்வரைதான். உப்பின் அயனிகள் மின்னூட்டத்தை மறைத்துவிட்டால் pH 3-இலும் கலங்கும்.

ஜெல் உருவாதல் தனிப் பாடமாக இருப்பதால் மாணவர்கள் அதைத் தனிக் கதையாக எழுதுகிறார்கள். இதே செயலின் தொடர்ச்சிதான் அது. புரதத்தை 3-இல் இருந்து 12 சதவீதமாக உயர்த்தி pH 7-இல் சூடாக்கினால், திரள்கள் குழாய் முழுவதும் வலையாகக் கோத்து நீரைச் சிறைப்பிடிக்கின்றன. உப்பு இல்லையென்றால் விலக்குவிசை இழைகளை மெல்லியவையாக வைக்கிறது. ஜெல் கண்ணாடிபோல ஒளி ஊடுருவக் கிடைக்கும். உப்பு சேர்த்தாலோ, pH-ஐ 5-க்கு அருகே கொண்டுவந்தாலோ, புரதம் கட்டிகட்டியாகத் திரண்டு வெள்ளை ஜெல் ஆகிறது. அதை அழுத்தினால் நீர் எளிதில் கசியும். ‘ஜெல் ஒளிபுகாமல் இருந்தது, நீர் கசிந்தது’ என்று கேள்வியில் இருந்தால், மின்னூட்டம் குறைந்த நிலையைத்தான் கேட்பவர் சுட்டுகிறார்.

பால்மம் பற்றிய கேள்வியில் இன்னும் நுட்பமான சறுக்கல் உண்டு. pH 7-இல் 1 சதவீதப் புரதத்துடன் 10 சதவீத எண்ணெயை அடித்துக் கலந்த பால்மத்தை pH 5-க்கு இறக்கினால், சிறிது நேரத்தில் மேலே தடித்த ஏடு கட்டுகிறது. ‘புரதம் பால்மமாக்கும் திறனை இழந்தது’ என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. துளிகளைச் சுற்றியிருக்கும் புரதப் படலம் இன்னும் அங்கேயே இருக்கிறது. துளிகளுக்கு இடையிலான விலக்குவிசை போய்விட்டதால் அவை கொத்தாகத் திரண்டு மேலே வந்திருக்கின்றன. துளிகள் ஒன்றாகக் கலந்து பெரிதாவது வேறு நிகழ்ச்சி.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஏட்டில் ஒரு சொட்டு எடுத்து, சோடியம் டோடெசில் சல்பேட்டுக் கரைசலில் நீர்க்கவைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். கொத்து மட்டும் என்றால் துளிகள் பிரிந்து பழைய அளவில் தெரியும். படலம் உடைந்து கலந்திருந்தால் பெரிய துளிகள் பெரியவையாகவே இருக்கும். சோதனையின் பெயரைக் குறிப்பிட்டு, எந்த முடிவு எதைக் காட்டும் என்று எழுதிய விடைக்கு நான் முழு மதிப்பெண் தந்திருக்கிறேன்.