கடன் கொடுக்கும்போது பிறக்கும் பணம்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அச்சடித்த நோட்டுகளை எல்லாம் கூட்டினாலும், வங்கிக் கணக்குகளில் இருப்பதாகச் சொல்லும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது என்கிறார்கள். அப்படியானால் மீதிப் பணம் எங்கே இருக்கிறது?"

மீதிப் பணம் எந்தப் பெட்டகத்திலும் இல்லை. அது ஒருபோதும் நோட்டாக இருந்ததே கிடையாது. பிரிட்டனின் மைய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2014-ல் தன் காலாண்டிதழில் இதைப் பற்றி ஒரு விளக்கக் கட்டுரை வெளியிட்டது. அந்த நாட்டு மக்களிடமும் நிறுவனங்களிடமும் உள்ள மொத்தப் பணத்தில் 97 விழுக்காடு வங்கி டெபாசிட், நோட்டும் நாணயமும் வெறும் 3 விழுக்காடு என்று அதில் கணக்குச் சொன்னார்கள். விகிதம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் டெபாசிட்தான் பெரிது, நோட்டு சிறிது என்பது நவீன வங்கி முறை உள்ள எல்லா இடத்துக்கும் பொதுவானது.

டெபாசிட் என்பது என்ன? உங்கள் கணக்கில் ஆயிரம் இருக்கிறது என்றால், வங்கி உங்களுக்கு ஆயிரம் தர வேண்டியிருக்கிறது என்று பொருள். அது வங்கி உங்களிடம் பட்டிருக்கும் கடன். நாம் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பும்போது உண்மையில் இந்தக் கடனைத்தான் கைமாற்றிக்கொள்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால், அடுத்து வருவது எளிதாகப் புரியும்.

பலரும் நினைப்பது இப்படி: ஒருவர் சேமிக்கிறார், வங்கி அந்தச் சேமிப்பை எடுத்து இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்கிறது. ஆனால் நடப்பது வேறு. ஒரு சிறு வங்கியின் கணக்கேட்டைத் திறந்து பார்ப்போம். எந்த நாட்டு நாணயம் என்று வைத்துக்கொண்டாலும் சரி, தொகைகள் லட்சத்தில்.

வங்கியின் சொத்துப் பக்கத்தில் மைய வங்கியில் வைத்திருக்கும் கையிருப்பு 15, பிறருக்குக் கொடுத்த கடன்கள் 90, ஆக 105. பொறுப்புப் பக்கத்தில் வாடிக்கையாளர்களின் டெபாசிட் 97, உரிமையாளர்கள் போட்ட மூலதனம் 8. இதுவும் 105. இரண்டு பக்கமும் சமம்.

இப்போது ஒருவர் வீடு வாங்க 10 லட்சம் கடன் கேட்கிறார். அவருடைய வருமானம், பத்திரம் எல்லாம் பார்த்து வங்கி சம்மதிக்கிறது. பத்திரத்தில் கையெழுத்தானதும் வங்கி இரண்டே இரண்டு பதிவுகளைச் செய்கிறது. சொத்துப் பக்கத்தில் கடன்கள் 90-லிருந்து 100 ஆகிறது. பொறுப்புப் பக்கத்தில் அவர் கணக்கில் 10 எழுதப்பட்டு, டெபாசிட் 97-லிருந்து 107 ஆகிறது. மொத்தம் இருபுறமும் 115.

இதில் எது மாறவில்லை என்று பாருங்கள். கையிருப்பு 15 அப்படியே இருக்கிறது. முன்பே டெபாசிட் வைத்திருந்தவர்களின் 97-லிருந்து ஒரு காசு குறையவில்லை. எவருடைய கணக்கிலிருந்தும் எடுக்காமல், 10 லட்சம் புதிதாகத் தோன்றியிருக்கிறது. கடன் வாங்கியவர் 'உனக்கு 10 லட்சம் திருப்பித் தருவேன்' என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்தார். வங்கி 'உனக்கு 10 லட்சம் தர வேண்டும்' என்று அவர் கணக்கில் எழுதியது. இரண்டு வாக்குறுதிகள் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவுதான். ஆனால் அவற்றில் ஒன்று கடையில் செல்லும், மற்றது செல்லாது. வங்கியின் வாக்குறுதியைப் பணமாக எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற ஒரே வேறுபாட்டில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அழகாகத்தான் தெரிகிறது.

டெபாசிட் வாங்க உரிமம் இல்லாத ஒரு நிதி நிறுவனம் இதைச் செய்ய முடியாது. அது கடன் கொடுத்தால், ஏதோ ஒரு வங்கியில் தான் வைத்திருக்கும் கணக்கிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அதன் கணக்கில் 10 குறையும், வாங்குபவர் கணக்கில் 10 கூடும், மொத்தப் பணம் மாறாது.

ஜெர்மனியைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் வெர்னர் இதை நேரில் சோதித்துப் பார்த்தார். 2013 ஆகஸ்டில் பவேரியாவில் வில்டன்பெர்க் என்ற ஊரிலுள்ள சிறு கூட்டுறவு வங்கியில் 2 லட்சம் யூரோ கடன் வாங்கினார். அந்தக் கடன் கொடுக்கப்படும்போது வங்கிக்குள் நடந்த வேலைகளையும் கணக்குப் பதிவுகளையும் கவனித்தார். அவர் கணக்கில் தொகையை வரவு வைக்கும் முன், வங்கியிடம் அவ்வளவு பணம் இருக்கிறதா என்று ஊழியர்கள் எவரும் சரிபார்க்கவில்லை. வேறொரு கணக்கிலிருந்து தொகை மாற்றப்படவும் இல்லை. 2014-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். வங்கி எப்படிக் கடன் கொடுக்கிறது என்பதைப் பற்றிப் பொருளாதாரத்தில் மூன்று கோட்பாடுகள் பல பத்தாண்டுகளாக மோதிக்கொண்டிருந்தன. ஒரு வங்கியின் ஏட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும் ஒன்றுக்கு இவ்வளவு காலம் கோட்பாட்டிலேயே சண்டை போட்டது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இப்படி நேரில் பார்க்கும் ஆய்வுகளுக்குப் பல்கலைக்கழகங்களும் மைய வங்கிகளும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, அந்த 10 லட்சத்துக்கு அப்புறம் என்ன ஆகிறது? வாங்கியவர் அதை வீடு விற்றவருக்கு அனுப்புகிறார். விற்றவருக்கு வேறொரு வங்கியில் கணக்கு. நம் வங்கியின் வாக்குறுதியை அந்த வங்கி வைத்துக்கொள்ளாது. அது கேட்பது மைய வங்கியிலுள்ள கையிருப்பை. ஆக நம் வங்கியின் கையிருப்பு 15-லிருந்து 5 ஆகிறது, டெபாசிட் 107-லிருந்து மீண்டும் 97. அந்த வங்கியில் கையிருப்பும் டெபாசிட்டும் 10 கூடுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கையிருப்பு முன்பு இருந்த அளவுதான், டெபாசிட் மட்டும் 10 அதிகம். பணம் வங்கி மாறியதே தவிர மறையவில்லை.

அதே நாளில் அந்த வங்கியும் கடன் கொடுத்து, அதில் 8 லட்சம் நம் வங்கி வாடிக்கையாளர்களுக்கு வந்தால், இரண்டு வங்கிகளுக்கும் இடையே கடைசியில் நகர வேண்டிய நிகரத் தொகை 2 லட்சம்தான். எல்லா வங்கிகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கடன் கொடுத்தால், கொஞ்சம் கையிருப்பே பெரும் தொகைகளைச் சுமந்துவிடும். ஒரு வங்கி மட்டும் மற்றவற்றை முந்தி ஓடினால் அதன் கையிருப்பு ஒழுகிக்கொண்டே இருக்கும். டெபாசிட்டுக்கு நல்ல வட்டி கொடுத்து வங்கிகள் ஆள் சேர்ப்பதற்குக் காரணம் இதுதான். கடன் கொடுக்க அவர்களுக்கு முன்கூட்டியே டெபாசிட் வேண்டாம், கொடுத்த பின் கையிருப்பை இழக்காமலிருக்கத்தான் வேண்டும்.

ஏடிஎம்மில் நோட்டு எடுப்பதும் இப்படித்தான். உங்கள் டெபாசிட் குறைகிறது, கையில் நோட்டு கூடுகிறது, மொத்தப் பணம் மாறுவதில்லை. மக்கள் எவ்வளவு நோட்டு கேட்கிறார்களோ அதற்கேற்ப மைய வங்கி அச்சடித்து வங்கிகளுக்குத் தருகிறது, அவற்றின் கையிருப்பில் அதைக் கழித்துக்கொள்கிறது. பெரும்பாலும் டெபாசிட் முதலில், நோட்டு பின்னால்.

பாடப்புத்தகங்கள் பல இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்லித் தருகின்றன. மைய வங்கி 100 வெளியிடுகிறது, வங்கி அதில் 10 விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு 90-ஐக் கடன் கொடுக்கிறது, அது இன்னொரு வங்கிக்குப் போய் 81 ஆகிறது, கடைசியில் 1000 ஆகப் பெருகுகிறது என்பார்கள். கூட்டல் சரிதான், ஆனால் வங்கிகள் இப்படி வேலை செய்வதில்லை. கனடாவில் 1990-களிலேயே கட்டாய ஒதுக்கீட்டை எடுத்துவிட்டார்கள். அமெரிக்கா 2020 மார்ச்சில் அதைப் பூஜ்யமாக்கியது. அந்தச் சூத்திரப்படி பார்த்தால் அங்கே பணம் எல்லையில்லாமல் பெருகியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 2008-க்குப் பின் அமெரிக்க மைய வங்கி கையிருப்பைப் பல மடங்கு கூட்டியபோதும், மக்களிடமிருந்த பணம் அதே மடங்கில் கூடவில்லை. கடன் கேட்க ஆளில்லாமல், கொடுக்கத் துணிச்சலும் இல்லாமல் கையிருப்பு அப்படியே கிடந்தது.

பின் எதுதான் வங்கியைத் தடுக்கிறது? மைய வங்கி நிர்ணயிக்கும் வட்டி ஒன்று. வட்டி ஏறினால் கடன் கேட்பவர்கள் குறைவார்கள். ஆனால் வங்கியின் உள்ளேயே இருக்கும் பெரிய கடிவாளம் மூலதனம். வங்கிகளுக்கான சர்வதேச ஒழுங்குமுறையான பாசெல் விதிகளின்படி, ஆபத்துக்கேற்ப எடைபோட்ட சொத்துகளில் குறைந்தது 8 விழுக்காடு மூலதனம் இருக்க வேண்டும். நம் வங்கியின் கடன்களுக்கு முழு எடையும், ஆபத்தில்லாத கையிருப்புக்குப் பூஜ்ய எடையும் கொடுத்தால், கடன் 90 ஆக இருந்தபோது மூலதனம் ஏறக்குறைய 8.9 விழுக்காடு. கடன் 100 ஆனதும் சரியாக 8. கையிருப்பில் இன்னும் 5 லட்சம் இருக்கிறது, ஆனாலும் அடுத்த கடனைக் கொடுக்க முடியாது. முதலில் மூலதனத்தைக் கூட்ட வேண்டும்.

இந்த விதியின் அவசியம் கடன் திரும்பாதபோது தெரியும். அந்த 10 லட்சம் முழுதாக மூழ்கிவிட்டது, ஈடாக வைத்த வீட்டையும் விற்று எதுவும் கிடைக்கவில்லை என்று வைப்போம். வங்கியின் சொத்து இப்போது கையிருப்பு 5, கடன்கள் 90, ஆக 95. டெபாசிட்காரர்களுக்குத் தர வேண்டியது 97. உரிமையாளர்களின் 8 முழுவதும் போய், மேலும் 2 பள்ளம். வீடு விற்றவரின் 10 லட்சம் மட்டும் மற்ற வங்கியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு எழுத்தில் பிறந்த பணம் உலகில் தங்கிவிட்டது, அதைப் பிறப்பித்த வங்கி திவாலாகிவிட்டது. வங்கிகள் காற்றிலிருந்து இலவசமாகப் பணம் செய்கின்றன என்று மந்திர வித்தை போலப் பரப்புகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பிறப்பிப்பது எளிது. அந்தப் பணம் கைமாறும்போது கையிருப்பைக் கட்ட வேண்டும், கடன் மூழ்கினால் தன் மூலதனத்தைப் பறிகொடுக்க வேண்டும்.

எல்லாம் நன்றாக நடந்தால்? கடன் வாங்கியவர் சம்பளம் வந்ததும் அசலில் 1 லட்சம் கட்டுகிறார். அவர் கணக்கில் 1 குறைகிறது, வங்கியின் கடன் கணக்கு 100-லிருந்து 99 ஆகிறது. அந்த 1 லட்சம் வேறெந்தக் கணக்குக்கும் போகவில்லை. அது அழிந்துவிட்டது. வட்டி மட்டும் வேறு மாதிரி. அதுவும் கட்டும்போது டெபாசிட்டிலிருந்து மறைந்து வங்கியின் மூலதனத்தில் சேரும், ஆனால் வங்கி அதிலிருந்து ஊழியர்களுக்குச் சம்பளமும் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையும் கொடுக்கும்போது மறுபடியும் டெபாசிட்டாகப் பிறக்கும். பழைய கடன்கள் அடைபடும் வேகத்தைவிடப் புதுக் கடன்கள் வேகமாகக் கொடுக்கப்படும் வரை மொத்த டெபாசிட் வளர்கிறது. நெருக்கடிக் காலத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கடனை அடைக்க ஓடினால், ஒரு நோட்டைக்கூட யாரும் எரிக்காமல் நாட்டில் உள்ள பணம் சுருங்கத் தொடங்கும்.